பழைய செல்பேசி வணிகம்

பயன்படுத்திய செல்பேசியை வாங்கி, பழுது நீக்கி, லாபம் வைத்து விற்கும் தொழில். சென்னை ரிச்சி தெருவில் இது பரவலாக நடக்கிறது. திருட்டுப் பேசியா என்பதே முதல் சோதனை: *#06# அழுத்தினால் தோன்றும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, KYM என்ற சொல்லுக்குப் பின் இடைவெளி விட்டு எழுதி 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் நிலை தெரியும். விற்பவர் தன் கூகுள் கணக்கை நம் கண்முன்னே நீக்கித் தராவிட்டால், பேசி எவ்வளவு மலிவானாலும் வாங்கக் கூடாது. ரீசெட் செய்த பிறகும் அது அந்தக் கணக்கையே கேட்டுப் பூட்டிக்கொள்ளும். பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கக்கூடும்.

கொள்முதல் விலையை விற்பனை விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். 9,000 ரூபாய்க்குப் போகும் பேசிக்குப் பேட்டரி மாற்ற 900, உத்தரவாதக் காலப் பழுதுக்கு 400, லாபம் 1,200 என்றால், 6,500-க்கு மேல் கொடுக்க இயலாது. புது மாடல் வந்ததும் விலை இறங்கும் என்பதால், தேங்கும் சரக்கு இந்த லாபத்தையே தின்றுவிடும்.