தூரத்தில் தெரிந்த முகம்

குற்றாலத்துச் சித்திர சபையில் ஒரு வழக்கம் எனக்கு உண்டு. சுவர் ஓவியங்களை முதலில் மூக்கு உரசும் தூரத்தில் நின்று பார்ப்பேன். அங்கே தெரிவது சாமியும் இல்லை, அடியாரும் இல்லை. காவித் திட்டு ஒன்று, பச்சைத் திட்டு ஒன்று, அவ்வளவுதான். பிறகு பத்தடி பின்வாங்குவேன். அப்போதுதான் திட்டுக்கள் ஒன்றுகூடி ஒரு முகமாகி என்னைப் பார்க்கும். கூட வருகிறவர்கள் இதைக் கிறுக்கு என்பார்கள். ஆனால் இந்தக் கிறுக்கையே ஒரு சாஸ்திரமாக்கி, முகங்களைக் கொண்டே முகம் செய்தவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். தென்காசியிலும் ஒருவன் செய்தான். அவன் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மனிதர்களை அடுக்கி மனித முகம் செய்த பெரிய காரியம் 1918-ல் நடந்தது. ஆர்தர் மோல் என்ற போட்டோக்காரர் அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து ராணுவ முகாம் ஒன்றில் 21,000 பேரை நிறுத்தி ஜனாதிபதி வில்சனின் முகத்தைப் படம் பிடித்தார். கறுப்பு வேண்டிய இடத்தில் கருநிற உடைக்காரர், வெளுப்பு வேண்டிய இடத்தில் வெள்ளை உடைக்காரர். யாரை எங்கே நிறுத்துவது என்பதை மோலின் கண்தான் தீர்மானித்தது.

கண் செய்த வேலையைக் கணக்கிடம் ஒப்படைத்தது பின்னால் வந்த கதை. பெல் டெலிபோன் ஆராய்ச்சிக்கூடத்தில் லியோன் ஹார்மன் என்பவர் ஆபிரகாம் லிங்கனின் படத்தைச் சில நூறு சதுரக் கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள வெளிச்சத்தைக் கூட்டிச் சராசரி எடுத்து, அந்தக் கட்டம் முழுவதையும் அந்த ஒரே சாம்பல் நிறத்தால் நிரப்பிவிட்டார். 1973-ல் இதைப் பத்திரிகையில் வெளியிட்டார். கிட்ட வைத்துப் பார்த்தால் சமையற்கட்டுத் தரை மாதிரி இருக்கும். கண்ணைச் சுருக்கினால் லிங்கன்! இதற்குக் காரணம் உண்டு. கட்டங்களின் கூர்மையான ஓரங்கள்தாம் முகத்தை மறைக்கின்றன. பார்வை மங்கினால் ஓரம் அழிகிறது, முகம் எழுகிறது. ஸால்வடார் டாலி என்ற ஸ்பெயின் ஓவியர் இதைப் பார்த்துச் சொக்கிப்போய், இருபது மீட்டர் தூரத்தில் லிங்கனாக மாறும் ஓர் ஓவியத்தை 1976-ல் தீட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் ஒரு பாரா நீளம்.

சாம்பல் கட்டத்தை எடுத்துவிட்டு, அதே சராசரி உள்ள ஒரு சின்னப் போட்டோவை அங்கே ஒட்டினால் என்ன? அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்த ராபர்ட் சில்வர்ஸ் 1995-வாக்கில் இதைக் கம்ப்யூட்டரைக்கொண்டு செய்து, 2000-ல் காப்புரிமையும் வாங்கினார்.

இனி நம்மூருக்கு வருவோம். 2018-ம் வருஷம் சாரல் காலம். தென்காசியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் நண்பன் ஒருவன், தன் பழைய தலைமையாசிரியருக்கு ஒரு படம் செய்துகொடுக்க ஆசைப்பட்டான். அவர் ஓய்வு பெற்ற நாளில் கறுப்புக் கோட்டும் மூக்குக் கண்ணாடியுமாக எடுத்த கலர் போட்டோ மூலப் படம். அதை அவருடைய மாணவர்களின் பாஸ்போர்ட் சைஸ் படங்களைக்கொண்டே கட்ட வேண்டும். ஊரெல்லாம் சொல்லி அனுப்பி 640 பேருடைய படங்களைச் சேர்த்தான். அகலத்தில் 24, உயரத்தில் 30, ஆக 720 கட்டங்கள். கட்டம் ஒன்றுக்கு ஓர் அங்குலம்.

கணக்கு கடினமானதல்ல. கம்ப்யூட்டரில் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஒரு படத்தின் எல்லாப் புள்ளிகளையும் கூட்டி வகுத்தால் அந்தப் படத்தின் சராசரி நிறம் மூன்று எண்களாக வந்துவிடும். தலைமையாசிரியரின் நெற்றியில் ஒரு கட்டம் 176, 132, 104 என்று வந்தது. ஒரு மாணவனின் படம் 170, 138, 110. ஒவ்வொரு எண்ணிலும் வித்தியாசம் 6, வர்க்கம் 36, மூன்றையும் கூட்டினால் 108. இன்னொருவன் 176, 132, 122. இரண்டு எண்கள் அப்படியே பொருந்துகின்றன. நீலத்தில் மட்டும் 18 வித்தியாசம். ஆனால் அதன் வர்க்கம் 324. ஆகவே நெற்றிக்குப் போக வேண்டியவன் முதல் பையன்தான். ஒரே இடத்தில் பெரிய தப்புச் செய்கிறவனைவிட எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தப்புகிறவன் மேல் என்பது இந்தக் கணக்கின் தர்மம்.

முதல் தடவை வந்த படத்தைப் பார்த்து நண்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். நெற்றி அழகாக இருந்தது, கண் பரவாயில்லை, வாயும் தாடையும் சொறி பிடித்தாற்போல் இருந்தன. கோட்டு முழுவதும் ஒரே ஒரு பையன்! அறுபது தடவைக்குமேல் அவனே வந்து உட்கார்ந்திருந்தான்.

வாய் கெட்டதற்குக் காரணம் பந்தி வைத்த முறை. கம்ப்யூட்டர் மேல் வரிசையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் அப்போது கையில் இருந்தவற்றில் சிறந்த படத்தை எடுத்துக்கொண்டே வந்தது. முகத்தின் நிறத்துக்கு ஏற்ற நல்ல படங்களெல்லாம் நெற்றியிலேயே செலவாகிவிட்டன. கடைசிப் பந்தியில் ரசம்கூட இல்லாத கதைதான். அவன் இரண்டு காரியம் செய்தான். முதலில் கண், மூக்கு, வாய் ஆகிய கட்டங்களை நிரப்பினான். பிறகு ஏதாவது இரண்டு படங்களை இடம் மாற்றிப் பார்க்கச் சொன்னான்: மாற்றினால் மொத்தத் தப்பு குறைகிறதா? குறைந்தால் மாற்று, இல்லையென்றால் விடு. லட்சக்கணக்கான தடவை இப்படி மாற்றிய பிறகு தாடை தாடையாயிற்று.

கோட்டின் கதை வேறு. பாஸ்போர்ட் படம் என்றாலே பின்னால் வெள்ளைத் திரை, மேலே வெளிர்ச் சட்டை. தலைமயிர் கறுப்பாக இருந்தாலும் சராசரியில் எல்லாரும் ஒரே மங்கல் பழுப்புக்கு வந்துவிடுகிறார்கள். கோட்டுக்கும் தலைமுடிக்கும் 180 இருண்ட படங்கள் வேண்டும். 640-ல் தேறியவை 40. இந்த இடத்தில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. படத்தின்மேல் வேண்டிய நிறத்தைத் தண்ணீர்ப்பாலாகக் கலந்துவிடலாம். கடைகளில் விற்கும் இத்தகைய படங்களில் அநேகம் அப்படித்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை. அப்படியானால் வெறும் சாயமே போதுமே, மாணவன் எதற்கு?

இன்னொரு யோசனையும் வந்தது. திரையையும் சட்டையையும் வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? செய்து பார்த்தான். வெளிறிய படம், இருண்ட படம் என்ற வகை உடனே கிடைத்தது. அன்று ஸ்டூடியோவுக்கு வந்த பழைய மாணவர் ஒருவர், கூலி வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர், கம்ப்யூட்டர் திரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, எங்களையெல்லாம் கோட்டுக்குள்ள தள்ளிட்டியளே!” என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நாங்கள் சிரிக்கவில்லை. சிவந்த தோல்காரர்கள் நெற்றியில். கறுத்தவர்கள் கோட்டிலும் காதோரத்து நிழலிலும். பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியார் பெஞ்சு பிரித்த கொடுமையை அந்தத் தலைமையாசிரியர் ஒழித்தாரோ, அதையே அவர் முகத்தில் கட்டிவைக்க இருந்தோம். கணக்குக்குச் சாதியும் தெரியாது, தோலும் தெரியாது. வெட்டிய கத்தரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். முழுப் படத்தை வைத்தபோது தோல் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். சராசரியைத் தீர்மானித்தது திரையும் சட்டையுந்தான். முகத்தை மட்டும் வெட்டியவுடன் தோலே சராசரி ஆகிவிட்டது.

நண்பன் வெட்டியதையெல்லாம் தூக்கிப் போட்டான். கறுப்புத் துணி ஒன்றைக் குற்றாலத்துக்கு எடுத்துப்போய், சாரல் மேகம் மூடிய சாயங்காலங்களில், உள்ளூரில் இருந்த 160 மாணவர்களை அந்தத் துணிக்கு முன்னால், இருண்ட சட்டையோடு, ஃபிளாஷ் போடாமல் மறுபடி படம் எடுத்தான். சிவந்தவன், கறுத்தவன் என்று பாராமல் முன்வந்தவரையெல்லாம் எடுத்தான். இப்போது 800 படங்கள். எவருடைய முகமும் ஒரு தடவையாவது வர வேண்டும், எந்தப் படமும் இரு தடவை வரக் கூடாது என்று விதி வைத்தான். அப்படியும் கோட்டின் கடுங்கறுப்பு எட்டவில்லை. அதற்காக மாணவர்களைத் தொடாமல், மூலப் படத்தின் கறுப்பைக் கையில் உள்ள படங்களின் அளவுக்குச் சற்றே வெளுக்க வைத்தான். தலைமையாசிரியரின் கோட்டு கரும்பலகை நிறத்துக்கு வந்தது. பொருத்தந்தானே?

அச்சுப் போட்டு மாட்டியபோதும் ஒரு கோளாறு மிஞ்சியது. எட்ட நின்றால் முகம் எதிர்பார்த்ததைவிட வெளிறித் தெரிந்தது. இதன் மூலத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கம்ப்யூட்டரில் உள்ள எண்கள் வெளிச்சத்தின் நேர் அளவு அல்ல. பாதி கறுப்பு, பாதி வெள்ளை உள்ள ஒரு படத்துக்கு 0-ஐயும் 255-ஐயும் கூட்டி வகுத்தால் 128 வரும். ஆனால் தூரத்திலிருந்து கண்ணில் கலப்பது எண்கள் அல்ல, வெளிச்சம். அது ஏறக்குறைய 188 என்ற சாம்பலாகத் தெரியும். வெள்ளைத் திரையும் கறுத்த முடியுமாக இருக்கும் பாஸ்போர்ட் படம் இந்த ஏமாற்று வித்தையில் கைதேர்ந்தது. கண்டுபிடிக்கும் வழி சுலபம்: சந்தேகப்பட்ட படத்தையே நூறு தடவை பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டு, அதன் சராசரி நிறத்தை வெறும் தாளாக அச்சிட்டு, இரண்டையும் அறையின் மறுகோடியில் மாட்டிப் பாருங்கள். ஒன்றாகத் தெரியாது. எண்களை வெளிச்சமாக மாற்றி, சராசரி எடுத்து, மறுபடி எண்ணாக மாற்றிய பிறகே முகத்தில் ரத்தம் வந்தது.

கண்ணாடிச் சட்டத்தின் மெல்லிய கோடு மட்டும் கடைசி வரை வரவில்லை. சராசரிக் கணக்கில் ஓர் அங்குலக் கட்டத்துக்குள் கோடு கரைந்துபோகும். சில்வர்ஸ் சின்னப் படத்தையும் பல துண்டாகப் பிரித்து, துண்டுக்குத் துண்டு ஒப்பிட்டது இதற்காகத்தான்; சாய்வான ஓரத்துக்குச் சாய்வான ஓரம் உள்ள படமே கிடைக்கும். அதற்குப் பல்லாயிரம் படங்கள் கையிருப்பு வேண்டும். 800-ஐ வைத்துக்கொண்டு ஆசைப்பட முடியாது.

படத்தைக் கொடுத்த அன்று தலைமையாசிரியர் முதலில் கிட்டப் போய் நின்றார். “யாரு எல்லாரும்? நம்ம பயலுவளா?” என்றார். படத்தில் தாம் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. கூடத்தின் மறுகோடிக்கு அழைத்துப்போகலாமென்றால் முழங்கால் இடம் கொடுக்காது. நண்பன் தயங்கித் தயங்கி, “ஐயா, கண்ணாடியைக் கழற்றிட்டுப் பாருங்க” என்றான்.

கழற்றினார். நெடுநேரம் பேசவில்லை. பார்வை மங்கியவுடன் கட்டங்களின் ஓரமெல்லாம் அழிந்து, ஹார்மன் சொன்ன கணக்குப்படி அவர் முகம் எழுந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு கண்ணாடியை வேஷ்டியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, தம் இடது புருவத்தில் இருந்த ஒருவனை விரலால் தொட்டார்.

“இவன் கணக்கு நோட்டு இன்னும் என்கிட்டேதான் இருக்கு. வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லு.”