மண் அணை ஆய்வறிக்கை

சிறிய மண் அணைகளின் ஆய்வறிக்கையில் முதலில் பார்க்கவேண்டியவை கசிவும் கலிங்கும். மண் கரையில் கசிவு இருப்பதே குற்றமில்லை; அது தெளிந்து வருகிறதா, கலங்கி வருகிறதா என்பதே கேள்வி. கலங்கல் என்றால் கரையின் மண் உள்ளிருந்து அரித்துப் போகிறது. அடிவாரத்தில் 90 பாகை V வடிவ வெட்டுள்ள தகட்டை வைத்து அளவு பார்ப்பார்கள். வெட்டில் நீர் 5 செ.மீ. உயர்ந்தால் நொடிக்குச் சுமார் 0.8 லிட்டர், 7 செ.மீ. என்றால் 1.8 லிட்டர். அன்றைய நீர்மட்டத்தைக் குறிக்காத அளவால் பயனில்லை. நிறைந்த அணையில் கசிவு கூடுவது இயல்பு.

கலிங்கில் விரிசல், இணைப்புகளில் முளைத்த செடி, தட்டினால் வெற்றொலி தரும் பலகை ஆகியவை அறிக்கையில் வரவேண்டும். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டத்திலுள்ள டாட்புரூக் நீர்த்தேக்கம் இதற்குச் சான்று. 19ஆம் நூற்றாண்டு மண் கரையின் மீது 1970 வாக்கில் துணைக் கலிங்கு கட்டப்பட்டது. 2019 ஆகஸ்ட் 1 அன்று அதில் வெள்ளம் பாய்ந்தபோது, கான்கிரீட் பலகைகளுக்கு அடியில் நீர் புகுந்து, அவை பெயர்ந்து, கரை அரிக்கப்பட்டது. கீழேயிருந்த வேலி பிரிட்ஜ் ஊரிலிருந்து சுமார் 1,500 பேர் வெளியேற்றப்பட்டனர். அரசு அமைத்த விசாரணை, மோசமான வடிவமைப்பே முதற்காரணம் என்றது. விட்டுவிட்டுச் செய்த பராமரிப்பு அதை மோசமாக்கியது. கரை உடையவில்லை.