சைபர் காப்பீட்டு விண்ணப்பம்: பதிலும் பாதுகாப்பும்

சைபர் காப்பீட்டு விண்ணப்பம் என்பது, கணினித் தாக்குதலால் வரும் இழப்புக்குக் காப்பீடு கேட்கும் நிறுவனம் தன் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பற்றிக் காப்பீட்டாளரிடம் எழுதித் தரும் வாக்குமூலம். கேள்விகள் பெரும்பாலும் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரு கட்டங்களில் முடிந்துவிடும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஓர் ஏற்பாடு பாதி இடங்களில் இருந்து பாதி இடங்களில் இல்லாவிட்டால் எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்று படிவம் சொல்வதில்லை.

இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் வழக்கு அமெரிக்காவில் நடந்தது. இல்லினாய் மாநிலத்தின் டெக்கேட்டர் நகரைச் சேர்ந்த இன்டர்நேஷனல் கன்ட்ரோல் சர்வீசஸ் என்ற நிறுவனம் டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்திடம் சைபர் பாலிசி எடுத்தது. வெளியிலிருந்து உள்ளே நுழைவோருக்குக் கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும், அதாவது எம்.எஃப்.ஏ., உண்டு என்று விண்ணப்பத்தில் உறுதி கூறியிருந்தது. 2022 மே மாதம் ரான்சம்வேர் தாக்கியது. விசாரித்த காப்பீட்டாளர், எம்.எஃப்.ஏ. ஃபயர்வாலுக்கு மட்டுமே இருந்தது, தாக்கப்பட்ட சர்வருக்கு இல்லை என்று சொல்லி, அதே ஆண்டு ஜூலையில் பாலிசியையே செல்லாததாக்கக் கோரி நீதிமன்றம் சென்றது. ஆகஸ்டில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பாலிசி ரத்தானது. காப்பீட்டாளர் கேட்டது இழப்பீட்டைக் குறைப்பதை அல்ல, தொடக்கத்திலிருந்தே பாலிசி இல்லை என்று ஆக்குவதை.

இந்தியச் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, தவறான கூற்றின்மேல் பெற்ற சம்மதத்தால் ஆன ஒப்பந்தத்தை ஏமாந்தவர் தள்ளுபடி செய்யலாம் என்கிறது. மருத்துவக் காப்பீடு தொடர்பான சத்வந்த் கவுர் சந்து வழக்கில் (2009), அபாயத்தை ஏற்பதா வேண்டாமா என்ற முடிவைப் பாதிக்கக்கூடிய எந்த உண்மையும் முக்கியமானதே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மன்மோகன் நந்தா வழக்கில் (2021) மறுபக்கத்தையும் சொன்னது: எதை வெளிப்படுத்த வேண்டும் என்பது படிவத்தில் கேட்கப்படும் கேள்வியைப் பொறுத்தது. ஆகவே கேள்வியின் ஒவ்வொரு சொல்லும் விண்ணப்பதாரரைக் கட்டுவதோடு அவருக்குக் காவலாகவும் இருக்கிறது. அதை மேலோட்டமாகப் படிப்பவருக்கு இரண்டாவது பயன் கிடைக்காது.

திருத்தணி மலையடிவாரத்தில் 20 அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதியைக் கற்பனை செய்துகொள்வோம். ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் ஆந்திரப் பக்கத்திலிருந்தும் கூட்டம் வரும் ஊர். வரவேற்பு மேசையில் இரண்டு கணினிகள், கணக்கறையில் டாலி ஓடும் ஒன்று, உரிமையாளரின் மடிக்கணினி ஒன்று. ஏஜென்ட் படிவத்தை நீட்டி, “அண்ணே, எல்லாத்துக்கும் ‘ஆம்’ போட்டாத்தான் பிரீமியம் இறங்கும்” என்கிறார். ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்து உரிமையாளருடையது. படிக்காமல் கையெழுத்திட்டேன் என்ற வாதம் எளிதில் எடுபடாது.

முதல் கேள்வி: ‘தொலைவிலிருந்து நுழையும் எல்லா வழிகளுக்கும் எம்.எஃப்.ஏ. உள்ளதா?’ உரிமையாளரின் மின்னஞ்சலுக்கு ஓடிபி வருகிறது. அதை நினைத்து ‘ஆம்’ என்று போடத் தோன்றும். ஆனால் கேள்வி ‘எல்லா வழிகளுக்கும்’ என்கிறது. எனவே வழிகளை முதலில் எண்ண வேண்டும். ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் இந்தக் கட்டளையை ஓட்டினால் ரிமோட் டெஸ்க்டாப் திறந்திருக்கிறதா என்று தெரியும்:

```
reg query "HKLM\System\CurrentControlSet\Control\Terminal Server" /v fDenyTSConnections
```

விடையில் `0x0` என்றால் திறந்திருக்கிறது, `0x1` என்றால் மூடியிருக்கிறது. இதுமட்டும் போதாது. பில்லிங் மென்பொருள்காரர் பழுது பார்க்க AnyDesk நிறுவி, யாரும் உடன் இல்லாமலே நுழைய ஒரு நிலையான கடவுச்சொல் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். மேலே உள்ள கட்டளை அதைக் காட்டாது. நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். நம் விடுதியின் கணக்குக் கணினியில் அப்படி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய நேர்மையான பதில் ‘இல்லை’. AnyDesk-இல் யாரும் உடன் இல்லாத நுழைவுக்கும் இரண்டாம் சரிபார்ப்பை இயக்க முடியும். அதைச் செய்துவிட்டோ, தேவையில்லையென்றால் நிரலை நீக்கிவிட்டோ, அந்த நாளுக்குப் பிறகு ‘ஆம்’ என்று குறிக்கலாம். அடுத்த வாரம் செய்யப்போவதை இன்றைய பதிலாக எழுதக் கூடாது.

இரண்டாவது: ‘வலையமைப்பிலிருந்து பிரிக்கப்பட்ட பேக்கப் உள்ளதா, அது சோதிக்கப்படுகிறதா?’ விடுதியில் வெளிப்புற ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, ஆனால் கணக்குக் கணினியின் யூஎஸ்பியிலேயே ஆண்டு முழுக்கச் செருகிக் கிடக்கிறது. ரான்சம்வேர் அந்தக் கணினிக்குள் வந்தால் டிஸ்க்கில் உள்ளதையும் சேர்த்தே பூட்டிவிடும். ஆகவே இது பேக்கப்தான், பிரிக்கப்பட்டதல்ல. இரண்டு டிஸ்க்குகளை வாங்கி, ஒன்று செருகியிருக்கும்போது மற்றொன்று அலமாரியில் இருக்கும்படி மாற்றிமாற்றி வைத்தால் கேள்வியின் முதல் பாதி நிறைவேறும். சோதனைக்கு, அலமாரி டிஸ்க்கிலிருந்து டாலி தரவை வேறொரு கணினியில் மீட்டு, கடைசி வவுச்சர் எண்ணையும் தேதியையும் அந்த நாளின் காகிதப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். பொருந்தினால் தேதியோடு ஒரு காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். ‘பேக்கப் வெற்றி’ என்று திரையில் பச்சையாக வருவது சோதனை ஆகாது. திறக்க முடியாத கோப்பைக்கூட மென்பொருள் வெற்றிகரமாக நகலெடுத்துவிடும்.

மூன்றாவது, பலரும் மனம்போன எண்ணைப் போட்டுவிடும் கேள்வி: ‘எத்தனை பேரின் தனிநபர் தகவல்களை வைத்திருக்கிறீர்கள்?’ தங்குபவர்களின் ஆதார் நகலை ஸ்கேன் செய்து ஒரு கோப்புறையில் போடுவது விடுதிகளில் பழக்கம். சராசரியாக நாளுக்கு 12 அறைகள் நிரம்பி, அறைக்கு ஒரு நகல் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 4,380 ஆகிறது. ஆறு ஆண்டாக அழிக்காமல் இருந்தால் 26,280. ‘சில ஆயிரம்’ என்று எழுதினால் பதில் பல மடங்கு பிசகும். தேவை முடிந்த பழைய நகல்களை முதலில் அழித்துவிட்டு எண்ணினால் இந்த எண்ணும் இறங்கும், திருடுபோனால் வரும் சேதமும் இறங்கும். போலீஸார் பதிவேடு கேட்கக்கூடும் என்பதால் எவ்வளவு காலம் வைப்பது என்று விசாரித்துக்கொண்டே அழிக்க வேண்டும்.

கட்டத்துக்குள் அடங்காத பதிலை இணைப்புத் தாளில் எழுதலாம். உதாரணமாக: ‘கேள்வி 1: மின்னஞ்சலுக்கு உண்டு. கணக்குக் கணினியின் AnyDesk நுழைவுக்கு இல்லை. ரிமோட் டெஸ்க்டாப் நான்கிலும் மூடப்பட்டுள்ளது.’ தேதியிட்டுக் கையெழுத்திட்டு, காப்பீட்டாளர் பெற்றுக்கொண்டதற்கு மின்னஞ்சல் ஆதாரம் வைக்க வேண்டும். ஏஜென்டிடம் வாய்மொழியாகச் சொன்னது காப்பீட்டாளரின் கோப்பில் ஏறியதாக யாரும் உறுதி தர முடியாது. இப்படி எழுதினால் பிரீமியம் கூடலாம், அல்லது 30 நாளில் சரிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனை வரலாம். நிபந்தனையை ஏற்றால் அது பாலிசியின் பகுதியாகிவிடும்.

படிவம் கையெழுத்திட்ட நாளின் நிலையைச் சொல்கிறது. பாலிசி தொடங்கும் முன் ஏதாவது மாறினால் தெரிவிக்க வேண்டும். அதன்பின் வரும் மாற்றங்களை எப்போது தெரிவிப்பது என்பது பாலிசியின் நிபந்தனைகளில் இருக்கும். புதுப்பிக்கும்போது கடந்த ஆண்டுப் பதில்களை அப்படியே நகலெடுப்பதுதான் பெரிய கண்ணி. படித் திருவிழாக் கூட்டத்துக்காக இரவல் வாங்கி வரவேற்பில் வைத்த ஐந்தாவது கணினியில் ஆன்டிவைரஸும் இருக்காது, கட்டளையை யாரும் ஓட்டியிருக்கவும் மாட்டார்கள். ‘எல்லாக் கணினிகளிலும் ஆன்டிவைரஸ் உள்ளதா?’ என்ற கேள்விக்குப் போன ஆண்டு சரியாக இருந்த ‘ஆம்’ ஜனவரியில் தவறாகியிருக்கும்.