அசைவு மங்கலும் ஃபோகஸ் பிசகும்

ஒளிப்படம் தெளிவிழப்பதற்கான இருவேறு காரணங்கள். சீர்செய்யும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதால், முதலில் எது என்று இனங்காண வேண்டும்.

இனங்காணல்: படத்தை 100 விழுக்காட்டு அளவில் வைத்து, சிறு ஒளிப்புள்ளிகளைப் பார்க்க வேண்டும். சங்கரன்கோவில் ஆடித்தபசு விழாவில் 1/15 நொடி ஷட்டரில் இரவில் எடுத்த சப்பரப் படம் என்றால், சீரியல் பல்புகளே போதும். கேமரா ஆடியிருந்தால் எல்லா விளக்குகளும் ஏறத்தாழ ஒரே திசையில் கோடாக இழுபட்டிருக்கும். சப்பரம் மட்டும் நகர்ந்திருந்தால் அதன் பல்புகள் கோடாகும். கோபுர விளக்குகள் புள்ளியாகவே நிற்கும். ஃபோகஸ் பிசகியிருந்தால் பல்புகள் வட்டத் தட்டுகளாக விரியும். முன்னால் நிற்பவரின் தலைமுடியோ பின்சுவரோ கூர்மையாக இருக்கக்கூடும்.

சீர்செய்தல்: போட்டோஷாப்பின் Smart Sharpen கருவியில், கோடாக இழுபட்டதற்கு Motion Blur தேர்ந்து கோட்டின் கோணத்தைக் கொடுக்க வேண்டும், தட்டாக விரிந்ததற்கு Lens Blur. சப்பரம் மட்டும் மங்கியிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்து திருத்த வேண்டும்.

வரம்பு: தேர்வு தவறினால் விளிம்புகளை ஒட்டிப் போலிக் கோடுகள் தோன்றும். மங்கல் மிகுந்த படத்தில் அழிந்த நுண்விவரம் திரும்பாது. புள்ளி இரைச்சலே பெருகும்.