சரிவகமும் எஸ் வளைவும்

என் பழைய கணக்கு நோட்டுகளில் அதிகம் வரும் படம் சரிவகம்தான். படுக்கையில் நேரம், நெடுக்கில் வேகம். சர்வோ மோட்டார் ஓட்டும் அச்சு சீராக வேகமெடுக்கும், ஒரே வேகத்தில் ஓடும், சீராகக் குறைந்து நிற்கும். படத்தின் பரப்பளவே நகர்ந்த தூரம். இப்படி வரைந்து பரப்பைத் தூரமாகக் காட்டியவர் 14-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரியார் நிக்கோல் ஓரெம். மோட்டாரை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார்!

சரிவகத்தின் குறை அதன் நான்கு மூலைகளில் இருக்கிறது. அங்கே முடுக்கம் ஒரே கணத்தில் தாவுகிறது. முடுக்கம் மாறும் வேகத்தை ஜெர்க் என்போம். தாவும் இடத்தில் கணக்குப்படி அதற்கு எல்லையே இல்லை.

ரயில்காரர்களுக்கு இந்தத் தொல்லை முன்பே தெரியும். நேர்ப் பாதை சட்டென்று வட்ட வளைவில் சேர்ந்தால், பக்கவாட்டு முடுக்கம் ஒரேயடியாக வந்து வண்டியை உலுக்கும். 1837-இல் புரூனெலிடம் வேலைக்குச் சேர்ந்த வில்லியம் ஃப்ரூட், பிரிஸ்டல் - எக்ஸிடர் பாதையில் இரண்டுக்கும் நடுவே, வளைவு சிறிது சிறிதாகக் கூடும் ஒரு துண்டைப் போடும் முறையை வகுத்தார். பின்னாளில் கப்பல் மாதிரிகளால் புகழ்பெற்றவரும் இவரேதான். சர்வோவின் எஸ் வளைவும் அதே யோசனைதான். முடுக்கத்தைத் தாவ விடாமல் ஏற்றி இறக்குகிறோம்.

ஒரு கணக்கு போடுவோம். பெல்ட்டில் ஓடும் அச்சு 300 மி.மீ. போக வேண்டும். வேகம் வினாடிக்கு 500 மி.மீ., முடுக்கம் 5000. சரிவகத்தில் வேகமெடுக்க 0.1 வினாடி, நிற்க 0.1, நடுவில் 0.5. மொத்தம் 0.7 வினாடி.

ஆனால் பெல்ட்டும் சுமையும் சேர்ந்து வினாடிக்கு 12.5 முறை ஆடும் சுபாவம் உள்ளவை என்று வையுங்கள். மோட்டார் நின்றபின்னும் சுமை ஒரு மி.மீ.க்குச் சற்று மேல் முன்னும் பின்னும் ஆடும். தணிப்பு 2 சதவீதம்தான் என்றால், ஆட்டம் 0.1 மி.மீ.க்கு அடங்க ஏறக்குறைய ஒன்றரை வினாடி ஆகும். அச்சு ஓடியதைவிடக் காத்திருந்ததே அதிகம்!

ஓர் ஆட்டத்துக்கு 0.08 வினாடி. முடுக்கம் ஏறவும் இறங்கவும் அதே 0.08 வினாடி கொடுத்தால், முதல் பாதியில் கிளம்பும் ஆட்டத்தை இரண்டாம் பாதி அழித்துவிடும். மொத்த நேரம் 0.78 வினாடி, நின்றதும் கிட்டத்தட்ட அசைவே இல்லை. 0.08 வினாடி செலவழித்து ஒன்றரை வினாடி சம்பாதித்தோம். ஜெர்க்கைக் குத்துமதிப்பாகக் குறைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த அளவு தெரியாவிட்டால் நேரம்தான் வீண்.

அதிர்வெண்ணைச் சுமையில் பொருத்திய முடுக்கமானியிலோ, சில சமயம் டிரைவ் காட்டும் இடப்பிழை வரைபடத்திலோ அலைகளை எண்ணி அறியலாம். சுமை கூடினால் ஆட்டம் மெதுவாகும், அந்த 0.08-ம் பொருந்தாது. அதனால் காலித் தட்டோடு அளந்துவிட்டு வேலையை ஓட்டக் கூடாது. வழக்கமாக ஏற்றும் சுமையோடு அளக்க வேண்டும்.