முதல் விளம்பர நிபுணரிடம் எதைக் கேட்பது? கிள்ளான் பள்ளத்தாக்கின் இணையச் சேலைக் கடையை முன்வைத்து

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் துணிக்கடை வைத்திருப்பவர்கள் பலர் இன்று இணையத்திலும் விற்கிறார்கள். முகநூல், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களைத் தொடக்கத்தில் முதலாளியே கைபேசியிலிருந்து விடுவார். வியாபாரம் வளர்ந்ததும் ஒரு முகவர் நிறுவனத்திடம் ஒப்படைப்பார். செலவு இன்னும் ஏறும்போது, இதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பார். அந்த நேரத்தில் எழுதப்படும் பணி விவரத்தில் பெரும்பாலும் இரண்டு நிபந்தனைகள் இருக்கும். மெட்டா, கூகுள், டிக்டாக் விளம்பரங்கள் தெரிந்திருக்க வேண்டும். ரோவாஸ் இத்தனைக்குக் குறையாமல் காட்ட வேண்டும். இரண்டாம் நிபந்தனைதான் தவறான ஆளைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பது என் வாதம்.

ரோவாஸ் என்பது விளம்பரத்துக்குப் போட்ட ஒரு ரிங்கிட்டுக்கு எத்தனை ரிங்கிட் விற்பனை நடந்தது என்ற கணக்கு. ஒரு கற்பனைக் கடையை வைத்துப் பார்ப்போம். சேலை விலை 180 ரிங்கிட். கொள்முதல் 90, கூரியர், பொதி, பணம் செலுத்தும் தளத்தின் கட்டணம், திரும்பி வரும் சரக்கு எல்லாம் சேர்த்து 25. மிஞ்சுவது 65. ஆகவே விளம்பரச் செலவைப்போல் 2.77 மடங்கு விற்றால்தான் முதலுக்கு முதல் வரும். அதோடு வரி இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் மின்னியல் சேவைகளுக்கு மலேசியா 2020 ஜனவரி முதல் சேவை வரி விதிக்கிறது. 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. விளம்பரத் தளத்தின் திரையில் ஒரு ரிங்கிட் என்று தெரிவது கடைக்கு 1.08 ரிங்கிட். அப்படியானால் ரோவாஸ் மூன்று என்பது இந்தக் கடைக்கு ஏறக்குறைய இலாபமே இல்லாத நிலை.

கடை மாதம் 30,000 ரிங்கிட் செலவழிக்கிறது, மெட்டாவின் திரை 1,05,000 ரிங்கிட் விற்பனை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரோவாஸ் 3.5, வரி போக சுமார் 5,500 ரிங்கிட் இலாபம். இந்த வாடிக்கையாளர்களில் கால்வாசிப் பேர் விளம்பரம் இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பார்கள் என்றால், விளம்பரம் உண்மையில் கொண்டுவந்த விற்பனை 78,750 ரிங்கிட்தான். 5,500 இலாபம் சுமார் 4,000 நட்டமாகிவிடுகிறது. திரையில் ஓர் எண்கூட மாறியிருக்காது.

கால்வாசி என்பது நான் வைத்துக்கொண்ட எண். ஆனால் இப்படி நடப்பதற்குச் சான்று உண்டு. தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் தடேலிஸ் ஆகியோர் ஈபே நிறுவனத்தில் நடத்திய பரிசோதனை 2015இல் எகனாமெட்ரிகா இதழில் வெளிவந்தது. ஈபே என்ற பெயரையே தேடுவோருக்குக் காட்டிய விளம்பரத்தை நிறுத்தியபோது, அவர்கள் விளம்பரமில்லாத இணைப்பு வழியாகவே வந்து சேர்ந்தார்கள். மற்ற சொற்களுக்கான விளம்பரம் புதியவர்களையும் எப்போதாவது வாங்குவோரையும் அசைத்தது. ஆனால் செலவின் பெரும்பகுதி, எப்படியும் வாங்கக்கூடிய பழைய வாடிக்கையாளர்கள்மேல் போயிற்று. ரோவாஸை இலக்காக வைத்தால் நிபுணருக்கு எளிய வழி இதுதான்: கடையின் பெயரைத் தேடுகிறவரையும், கூடையில் சேலையைப் போட்டுவிட்டுப் போனவரையும் துரத்துவது. அவர் நேர்மையற்றவராக இருக்க வேண்டியதில்லை. இலக்கே அங்கே தள்ளுகிறது.

தமிழ் வாடிக்கையாளரை நம்பும் கடைக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. நாட்டு மக்களில் இந்தியர் சுமார் 7 விழுக்காடு. இனம், சமயம் போன்றவற்றைச் சுட்டும் இலக்கு வகைகளை மெட்டா 2022 ஜனவரியில் நீக்கத் தொடங்கியது. அதனால் சேலையும் தமிழ் வாசகமும்தான் வாங்குவோரைப் பிரித்தெடுக்க வேண்டும். சிறிய வட்டத்தில் தளம் விரைவில் பழைய முகங்களிடமே திரும்பும்.

எனவே நேர்காணலின் முதல் கேள்வியாக நான் வைப்பது தீபாவளிக் கணக்கு. தீபாவளி 2025இல் அக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8. "2026 அக்டோபரில் விற்பனை முந்தைய அக்டோபரைவிடக் கணிசமாகக் கூடினால், விளம்பரம் நன்றாக வேலை செய்தது என்பீர்களா?" 2025 அக்டோபரில் பண்டிகை வாங்கல் முதல் 19 நாளோடு முடிந்துபோனது; 2026இல் மாதம் முழுவதும் பருவம். இரண்டையும் மாதவாரியாக ஒப்பிடக் கூடாது, தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு என்று வைத்து ஒப்பிட வேண்டும் என்பவர் சரியான பாதையில் இருக்கிறார். அப்படி ஒப்பிட்டாலும் பண்டிகையால் வந்ததையும் விளம்பரத்தால் வந்ததையும் பிரிக்க முடியாது என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

"பிறகு எப்படிப் பிரிப்பீர்கள்?" என்பது அடுத்த கேள்வி. பருவம் இல்லாத நாளில், உதாரணமாகப் பேராவில் மட்டும் சில வாரங்கள் விளம்பரத்தை நிறுத்திப் பினாங்கில் தொடர்ந்து, இரு மாநிலங்களின் ஆர்டர்களை அவற்றின் முந்தைய போக்கோடு ஒப்பிடலாம் என்ற பதில் போதுமானது. ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. வாரம் 20 ஆர்டர் வரும் மாநிலத்தில் நாலைந்து கூடுவதும் குறைவதும் தற்செயலாகவே நடக்கும். சிறு வேறுபாட்டை இந்தச் சோதனை காட்டாது. இந்த வரம்பைத் தானாகவே சொல்லும் விண்ணப்பதாரர் அரிது. பல சான்றிதழ்களைவிட அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் அதிக மதிப்பெண் தருவேன்.

ஒரே கேள்விகளை எல்லோரிடமும் கேட்டு, முன்பே எழுதிவைத்த அளவுகோலால் மதிப்பிடுவது இங்கே முக்கியம். சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் 2022இல் ஆளெடுப்பு முறைகளை மறுபடி கணக்கிட்டபோது, பணித் திறனை முன்கணிப்பதில் இத்தகைய வரையறுத்த நேர்காணலே முதலிடம் பெற்றது. தேநீரோடு நடக்கும் பொதுப் பேச்சு வெகுவாகப் பின்தங்கியது.

பணி விவரமும் இதையொட்டி மாற வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்குப் புதிய விளம்பரத்தைவிட உரிமையும் எண்ணிக்கையும் முதன்மை. விளம்பரக் கணக்கு, பிக்சல், சரக்குப் பட்டியல் ஆகியவை முகவர் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் கடையின் பெயருக்குக் கொண்டுவர வேண்டும். எஃப்.பி.எக்ஸ் வழியாகப் பணம் கட்டுபவர் வங்கிப் பக்கத்திலேயே உலாவியை மூடிவிட்டால் நன்றிப் பக்கம் திறக்காது, பிக்சல் அந்த விற்பனையை எண்ணாது. கடையின் சர்வரிலிருந்தே தகவல் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் பேரம் பேசி முடியும் விற்பனையைத் தளம் தானாக அறியாது. எந்த விளம்பரம் பார்த்து வந்தார் என்பதை ஆர்டரோடு பதிய ஒரு வழி வேண்டும். பழைய வாடிக்கையாளரை விலக்க அவர்களின் தொலைபேசி எண்களைத் தளத்தில் ஏற்ற வேண்டியிருக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இன்படி அதற்கான அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் கடையில் இருக்கிறதா என்று பார்ப்பதும் இவர் வேலை. புகைப்படம் எடுப்பது, டிக்டாக் நேரலையில் விற்பது, வாட்ஸ்அப்புக்குப் பதில் எழுதுவது ஆகியவை இவர் வேலை அல்ல என்று வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. எழுதாவிட்டால் தீபாவளிக்கு முந்தைய மாதம் அவர் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.

இலக்கு வரிசையில் ரோவாஸ் இருந்த இடத்தில், விளம்பரச் செலவும் வரியும் கழித்த மாதாந்தர மிச்சமும், புதிய வாடிக்கையாளர் ஒருவரைப் பெற ஆன செலவும் வரட்டும். மிச்சத்தையும் தளத்தின் திரையிலிருந்து எடுக்கக் கூடாது. கடையின் சொந்தக் கணக்கேட்டின் மொத்த விற்பனையிலிருந்து எடுக்க வேண்டும்.

ஆள் வேண்டுமா என்ற கேள்விக்கும் இதே கணக்கு விடை தரும். மாதம் 6,000 ரிங்கிட் சம்பளம் என்றால் ஊழியர் சேமநிதிக்கு முதலாளியின் 12 விழுக்காடு 720. சொக்சோவும் சேர்த்தால் ஏறக்குறைய 7,000. வீண் செலவைக் குறைத்து மட்டும் இதை ஈடுகட்ட, வரியோடு பார்த்தால், மாதம் 6,500 ரிங்கிட் விளம்பரத்தை விற்பனை குறையாமல் நிறுத்த வேண்டும். 30,000 செலவழிக்கும் கடையில் அது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், எட்டக்கூடியது. 12,000 செலவழிக்கும் கடையில் அது பாதிக்கும் மேல். அந்தக் கடை முகவர் நிறுவனத்தையே வைத்துக்கொண்டு, கணக்கின் உரிமையை மட்டும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.