குழியின் ஆழம்: காய்கறிக் கழிவு உரத்துக்குக் கார்பன் கணக்கு வந்த வழி

2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தை கொரோனா பரவலால் மூடப்பட்டு, மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. துணைக்கோள் நகரத்துக்கென ஒதுக்கியிருந்த வெட்டவெளியில் கொட்டகைகள் எழுந்தன. செப்டம்பர் 28 அன்று சந்தை கோயம்பேட்டுக்கே திரும்பும்வரை, முட்டைக்கோஸ் மேலிலையும் அழுகிய தக்காளியும் அங்கேதான் குவிந்தன. அந்தக் கழிவை உரமாக்கியிருந்தால் எத்தனை கார்பன் கிரெடிட் கிடைத்திருக்கும்? ஒரு கற்பனைக் கேள்விதான். ஆனால் இதற்கு விடை சொல்லும் விதிகள் எப்படி உருவாயின என்று பார்த்தால், கணக்கு உரக்கிடங்கில் தொடங்குவதில்லை, கழிவு போயிருக்கக்கூடிய குப்பைக் குழியில் தொடங்குகிறது என்பது விளங்கும்.

கியோட்டோ உடன்படிக்கையின் தூய்மை மேம்பாட்டு வழிமுறையில் உரத் திட்டத்துக்கென்று முதலில் வகுக்கப்பட்ட முறையியல் AM0025. அதற்கு வித்திட்டது நம்மூர் போன்ற ஒரு நகரம்தான்: டாக்கா. அங்கே வேஸ்ட் கன்சர்ன் என்ற அமைப்பு ஒரு டச்சு நிறுவனத்தோடு சேர்ந்து, நாளொன்றுக்கு 700 டன் கழிவை உரமாக்கும் திட்டம் வகுத்தது. முறையியல் 2005-இல் ஏற்கப்பட்டது; அடுத்த ஆண்டே திட்டம் பதிவாயிற்று. 2008-இல் ஆலை ஓடத் தொடங்கியபோது அதற்குத் தீனி டாக்காவின் காய்கறிச் சந்தைகளிலிருந்து வந்தது. ஆனால் 700 டன்னில் சிறு பங்குதான் நடைமுறைக்கு வந்தது.

அதற்கு முன்பு, 1996-ஆம் ஆண்டு ஐபிசிசி வழிகாட்டியின் எளிய கணக்கில், குப்பையைக் கொட்டிய ஆண்டிலேயே அதன் மீத்தேன் முழுதும் வெளியேறிவிட்டதாக வைத்துக்கொண்டார்கள். ஒரு நாட்டின் பட்டியலுக்கு அது போதும். பணமாக மாறும் கிரெடிட்டுக்குப் போதாது. எனவே AM0025 படிப்படியான சிதைவுக் கணக்கை எடுத்துக்கொண்டது: இன்று கொட்டியிருந்தால் எந்த ஆண்டு எவ்வளவு மீத்தேன் வந்திருக்குமோ, அந்த ஆண்டில் அவ்வளவுக்கு மட்டுமே கிரெடிட்.

இதைத் திருமழிசைக்குப் பொருத்திப் பார்ப்போம். ஓராண்டில் 1,000 டன் காய்கறிக் கழிவு என்று கொள்வோம். நாளைக்கு மூன்று டன்னுக்கும் குறைவு. ஈரத்தோடு எடை போட்ட கழிவில் மக்கக்கூடிய கார்பன் 15 விழுக்காடு. அதில் பாதி சிதையும். வரும் வாயுவில் பாதி மீத்தேன். ஐந்து மீட்டருக்கு மேல் ஆழமான, பராமரிப்பில்லாத மேடு என்றால் திருத்தக் காரணி 0.8.

```
1000 × 0.15 × 0.5 × 0.8 × 0.5 × 16/12 = 40 டன் மீத்தேன்
40 × 0.9 × 0.85 = 30.6 டன்
30.6 × 28 = 857 டன் CO2 சமானம்
```

0.9 என்பது மேல்மண் உறிஞ்சும் பங்கைக் கழித்தது, 0.85 என்பது மதிப்பீட்டின் ஐயத்துக்காக விட்டுக்கொடுப்பது. ஆனால் இந்த 857 பல ஆண்டுகளில் வருவது. சென்னைப் பகுதியின் மழை ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டரைத் தாண்டுவதால் உணவுக் கழிவின் சிதைவு வேகம் 0.40, முதலாண்டில் மூன்றில் ஒரு பங்குதான் மக்கும். ஆக முதலாண்டு வரவு ஏறத்தாழ 282 டன். இதே கழிவு வறண்ட ஊரில் கொட்டப்பட்டிருந்தால், வேகம் 0.085 ஆகி, முதலாண்டு 70 டன்னைக்கூடத் தொடாது.

வரவிலிருந்து செலவைக் கழிக்கவேண்டும். உரக்குவியலும் வாயு விடும். டன்னுக்கு 0.002 டன் மீத்தேனும் 0.0002 டன் நைட்ரஸ் ஆக்சைடும் என்பது இப்போதைய இயல்பு மதிப்பு. ஆயிரம் டன்னுக்கு இரண்டும் சேர்ந்து சுமார் 109 டன். டீசலையும் மின்சாரத்தையும் விட்டுவிட்டாலும் முதலாண்டில் மிஞ்சுவது 173 டன். ஒருவேளை அந்தக் கழிவு ஐந்து மீட்டருக்குக் குறைவான குழிக்குத்தான் போயிருக்கும் என்றால், காரணி 0.4, வரவு 141 ஆகிச் செலவு போக 32 டன்தான் மிச்சம். சரிபார்க்க வருபவரின் கட்டணத்துக்கே அது காணாது.

எனவே சண்டையெல்லாம் குழியின் ஆழத்தைப் பற்றியதாகிறது. ஏரிகள் சூழ்ந்த இந்தப் பகுதியில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. குழி ஆழமில்லாவிட்டாலும், அடியில் நீர் நின்றால் காற்றுப் புகாது, மீத்தேன் பெருகும். பிந்தைய விதி இதை ஒப்புக்கொண்டு, நீர்மட்டம் குழியின் அடிமட்டத்துக்கு மேலே இருந்தால் வேறு கணக்கைத் தருகிறது:

```
MCF = max(1 − 2/d, hw/d)
```

இதில் d குழியின் ஆழம், hw அதனுள் நிற்கும் நீரின் உயரம். நான்கு மீட்டர்க் குழியில் மூன்று மீட்டர் நீர் நின்றால் காரணி 0.75. டிசம்பரில் இது எளிதாகக் கிடைக்கும். மே மாதத்தில் கிடைக்காது. அதனால் ஒரு நாள் ஒரு படம் எடுத்துக் காட்டிப் பயனில்லை. குழாய் இறக்கி ஆண்டு முழுதும் நீர்மட்டத்தை அளந்த பதிவு வேண்டும்.

உரக்குவியலைச் சோதிப்பதில் வரலாறு எதிர்த்திசையில் போனது. AM0025 காலத்தில் குவியலுக்குள் துளைக் கம்பியைச் செருகி ஆக்சிஜன் அளந்தார்கள். பத்து விழுக்காட்டுக்குக் கீழே காட்டிய மாதிரிகள் மொத்தத்தில் எத்தனை பங்கோ, அந்தப் பங்குக் கழிவு காற்றில்லாமல் மக்கியதாக வைத்து வரவைக் குறைத்தார்கள். நேர்மையான முறை, ஆனால் கம்பியை எங்கே செருகுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்; மேலே செருகினால் எல்லாக் குவியலும் நல்ல குவியல்தான். பின்னர் உரத்துக்கென்று தனிக் கருவிநூல் வந்தபோது, அளவீட்டுக்குப் பதிலாக மேலே சொன்ன இயல்பு மதிப்பையே எடுத்துக்கொள்ள வழி பிறந்தது. நல்ல பராமரிப்புக்குப் பரிசில்லை என்பது இதன் குறை. என் கருத்தில், சிறு பேரூராட்சிக்கு அதுவே நல்லது.

கசிவு என்பது திட்ட எல்லைக்கு வெளியே நாம் உண்டாக்கும் வாயு. இங்கே பெரிய கசிவு லாரியில் இல்லை. உரம் விற்காமல் தேங்கி, கடைசியில் குப்பைமேட்டுக்கே திரும்பினால், அதுவும் அங்கே காற்றில்லாமல் மக்கும். அதனால்தான் சிறுதிட்ட முறையியலான AMS-III.F, உரம் வாங்கியவர்களில் ஒரு மாதிரியை எடுத்து, வயலில் அது உண்மையில் மண்ணோடு சேர்ந்ததா என்று போய்ப் பார்க்கச் சொல்கிறது. இன்னொன்று மாடு. சந்தைக் கழிவில் ஒரு பங்கை மாடு வளர்ப்பவர்கள் எப்போதும் அள்ளிக்கொண்டு போவார்கள். அது குழிக்குப் போகவே போகாத கழிவு; கணக்கில் சேர்த்தால் இல்லாத மீத்தேனுக்குக் கிரெடிட் கேட்பதாகும். அதைத் தடுத்து உரமாக்கினாலோ, மாட்டுக்காரர் வேறு தீவனம் தேடவேண்டும்.

சான்றின் முதுகெலும்பு எடைமேடைச் சீட்டு. வண்டி எண், நிறைவெடை, வெற்றெடை, நேரம். இதில் ஏமாற்றவே வேண்டாம், மழையே ஏமாற்றும். நனைந்த கழிவு கூடுதல் எடை காட்டும். 15 விழுக்காடு கார்பன் என்ற மதிப்பு அந்த நீருக்கும் சேர்த்துப் பெருக்கப்படும். கண்டுபிடிப்பது எளிது: நவம்பரில் உள்ளே வந்த டன் கூடியிருந்து, அந்தத் தொகுதியிலிருந்து சலித்தெடுத்த உரம் கூடவில்லை என்றால், கூடியது தண்ணீர். கழிவின் கலவையைக் காலாண்டுக்குக் குறைந்தது மூன்று மாதிரி எடுத்துப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்ற விதி இருப்பதும் எடையை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான்.

இத்தனைக்கும் மேலே சட்டம். AM0025-இல் ஒரு நிபந்தனை இருந்தது: கழிவைப் பதப்படுத்தவேண்டும் என்று சட்டம் இருந்தும் யாரும் கடைப்பிடிக்காவிட்டால், எத்தனை விழுக்காடு கடைப்பிடிக்கிறார்களோ அந்த அளவுக்கு வரவைக் குறைக்கவேண்டும், பாதிக்கு மேல் போய்விட்டால் கிரெடிட்டே இல்லை. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு விதிகளும் பின்னர் 2016-ஆம் ஆண்டு விதிகளும் உள்ளாட்சிகளுக்கு இந்தக் கடமையை விதித்தன. சட்டம் மீறப்படும்வரைதான் கிரெடிட் செல்லும் என்ற இந்த விசித்திரத்தை அதிகாரிகள் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

2012 முடிவில் ஒரு கிரெடிட்டின் விலை ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்ததோடு முதல் அலை ஓய்ந்தது. இப்போது தன்னார்வச் சந்தைக்காக மறுபடி கணக்குப் போடுபவர்களுக்கு முன்னே புதிய சிக்கல் ஒன்று நிற்கிறது. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து அகற்றும் பயோமைனிங் தொடங்கிவிட்டது. தோண்டி முடிந்த இடத்தில் ஐந்து மீட்டர் ஆழத்தை யாராலும் அளந்துகாட்ட முடியாது. கழிவு எந்த மேட்டுக்குப் போயிருக்கும், அதன் ஆழம் என்ன, நீர் எந்த மட்டத்தில் நின்றது என்பதை, மண்வெட்டி வருவதற்கு முன்பே அளந்து தேதியிட்டு வைத்திருந்தால் மட்டுமே 0.8 என்ற எண்ணைக் கேட்க முடியும்.